பதினைந்து கோடும் இரண்டு புள்ளியும்

2019 ஜனவரி கடைசியில் அமெரிக்கப் பாடகி அரியானா கிராண்டே தன் உள்ளங்கையில் இரண்டு ஜப்பானிய எழுத்துகளைப் பச்சை குத்திக்கொண்டார். அந்த மாதம்தான் அவருடைய ‘செவன் ரிங்ஸ்’ பாட்டு வெளிவந்திருந்தது. ‘ஏழு மோதிரங்கள்’ என்பதைக் கையிலேயே வைத்துக்கொள்வது அவர் எண்ணம். படம் வெளியானதும் ஜப்பானியர்கள் அதை ‘ஷிச்சிரின்’ என்று படித்தார்கள். நம் பாட்டிமார் அப்பளம் சுட வைத்திருந்த குமுட்டி அடுப்பு இருக்கிறதே, கிட்டத்தட்ட அதற்குத்தான் ஜப்பானில் அந்தப் பெயர். கையால் தூக்கிப் போகக்கூடிய சின்னக் கரியடுப்பு. அதில் மீன் சுடுவார்கள், இறைச்சி வாட்டுவார்கள்.

ஊரெல்லாம் சிரித்து முடித்த பிறகு நான் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை குத்தியவர் நல்ல கைக்காரர். இரண்டு எழுத்துமே துல்லியம். முதல் எழுத்து ‘ஏழு’. இரண்டே கோடு: சற்றே சாய்ந்த படுக்கைக்கோடு ஒன்று, அதை வெட்டிக் கீழிறங்கி வலப்பக்கம் வளைந்து கொக்கி போடும் கோடு ஒன்று. இரண்டாவது எழுத்தில் பதினைந்து கோடுகள். அதன் இடப்பாதி தனியே நின்றால் ‘வண்டி’ என்று பொருள் தரும். வலப்பாதி ஒலிக்காகச் சேர்ந்தது. இரண்டும் கூடினால் சக்கரம், வளையம். மோதிரம் என்று எழுத வேண்டுமானால் இந்த வளையத்துக்கு முன்னால் ‘விரல்’ என்ற எழுத்து வர வேண்டும். அந்த எழுத்தின் இடப்பக்கத்தைப் பார்த்தால் அங்கே ஒரு ‘கை’ நிற்கும். கையை ஓரத்தில் வைத்து விரலை எழுதி, அந்த விரலுக்கு ஒரு வளையத்தை மாட்டினால் அது மோதிரம். இந்த அழகுக்காகவே ஒருவர் அதைப் பச்சை குத்திக்கொள்ளலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

முழுத் தொடர் ‘நானாட்சு நோ யுபிவா’. இதில் நடுவில் வரும் எழுத்துகளைப் பாடகி விட்டுவிட்டார். உள்ளங்கையில் ஊசி படுவது தாங்க முடியாத வலி, அதனால் குறைத்துக்கொண்டேன் என்று அவரே பிறகு சொன்னார். ஏழும் வளையமும் மட்டும் மிஞ்சின. பிழை உள்ளே வந்தது இந்த இடத்தில்தான். தனியே நிற்கும்போது ‘நானா’ என்று ஒலிக்கும் ஏழு, இன்னோர் எழுத்தோடு ஒட்டி நின்றதும் ‘ஷிச்சி’ ஆகிறது. ‘வா’ என்று ஒலிக்கும் வளையம் ‘ரின்’ ஆகிறது. ஒன்று ஜப்பானியரின் சொந்த ஒலி, மற்றது சீனத்திலிருந்து வந்த ஒலி. எழுத்து மாறவில்லை, கோடு மாறவில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் படிப்பு மாறிவிடுகிறது. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘பலகை’ என்று ஒட்டி எழுதினால் மரப்பலகை, ‘பல கை’ என்று விட்டு எழுதினால் பல கைகள். பொதுமொழி என்று இலக்கண வகுப்பில் இதைத்தான் படித்தோம்.

அந்த அடுப்புக்கு ஏன் ஏழு வந்தது என்பதற்கு ஜப்பானியர் சொல்லும் காரணங்களுள் ஒன்று சுவையானது. ‘ரின்’ என்பது பழைய சில்லறைக் காசு. ஏழு ரின்னுக்குக் கரி வாங்கினால் ஒரு வேளைச் சமையல் முடியுமாம். காசுக்குரிய ரின் வேறு எழுத்து. ஒலி ஒன்று என்பதால் வளையம் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பாட்டில் வைரமும் மோதிரமுமாக இருந்த ஏழு, உள்ளங்கையில் சில்லறைக் காசாகிவிட்டது.

பிறகு அவர் ‘விரல்’ எழுத்தைச் சேர்த்துத் திருத்தப் பார்த்தார். கூடவே ஒரு குட்டி இதயமும் வந்தது. ஆனால் ‘விரல்’ வந்திருக்க வேண்டியது ஏழுக்கும் வளையத்துக்கும் நடுவில். அங்கே இடம் இல்லை; இரண்டும் நெருக்கமாகக் குத்தப்பட்டுவிட்டன. விரல் ஓரமாகப் போய் நின்றது, படித்தவர்களுக்கு அது ‘கரியடுப்பு விரல்’ ஆயிற்று. நிரந்தர எழுத்தில் எந்தப் பிழையைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்பது முழுக்க முழுக்க இடத்தைப் பொறுத்த விஷயம். இதற்குப் பின்னால் திரும்ப வருகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு.

எல்லாப் பிழையும் பிழைதானா என்றும் பார்க்க வேண்டும். கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் 2000-இல் கையில் தன் மனைவி விக்டோரியாவின் பெயரை தேவநாகரியில் குத்திக்கொண்டார். ‘இந்தியில் தப்பாக எழுதிவிட்டார்கள், நடுவில் ஒரு ஹ புகுந்துவிட்டது’ என்று அன்றிலிருந்து இன்றுவரை கேலி நடக்கிறது. இந்திக்கு அது சரியான கேலிதான். இந்தியில் ‘வி’ போதும். ஆனால் அதே தேவநாகரியில் எழுதும் மராத்தியர்கள் ஆங்கில ‘வி’ ஒலிக்கு ‘வ்’ என்பதோடு ‘ஹ’ சேர்த்து எழுதுவது வழக்கம். விக்டோரியா மகாராணியின் பெயரே மராத்தியில் அப்படித்தான் வரும். ஆக, அவர் கையில் இருப்பது இந்தியில் பிழை, மராத்தியில் இயல்பு. சரிபார்க்கக் கொடுக்கும்போது எந்த எழுத்து என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த மொழி என்றும் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஜாவியில் எழுதியதை அரபியாகப் படித்தாலும் இதே வம்புதான்.

இத்தனை கதையையும் நான் அசைபோட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம், செமினியில் எங்கள் தாமானில் வாடகைக்கு இருந்த ஒரு சீனப் பெண். செமினியில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 2005 முதல் இருக்கிறது. அதனால் எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் மாணவர்கள்தாம். இவள் கிள்ளான்காரி. பெற்றோர் கடையில் இருந்த நேரமெல்லாம் இவளை வளர்த்தது பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மா. அந்த அம்மா இவளைக் கூப்பிட்ட பெயரை மணிக்கட்டின் உள்பக்கம் தமிழில் குத்திக்கொள்ள வேண்டும் என்பது இவள் ஆசை. பெயர் ‘செல்லம்மா’. இவளுக்குத் தமிழ் கொஞ்சம் காதில் விழும், கண்ணுக்குத் தெரியாது.

“ஆன்ட்டி, இது ஓகேவா?” என்று கைப்பேசியை நீட்டினாள். கடைக்காரர் கணினியில் செய்து அனுப்பிய வடிவம். எழுத்து கொழுகொழுவென்று அழகாக இருந்தது. நான் படித்தேன். முதலில் ‘ச’ மொட்டையாக நின்றது. அதற்கு அடுத்து ஒரு கொம்பு. கொம்புக்கு அந்தப் பக்கம் ‘ல’. தமிழ்க் கண் அதை ‘சலெ’ என்றுதான் படிக்கும். மேலே உட்கார வேண்டிய புள்ளி நகர்ந்துபோய் இரண்டு எழுத்துக்கு நடுவே அந்தரத்தில் தொங்கியது.

இந்தப் பிழையை நாம் எல்லாரும் எங்கேயாவது பார்த்திருக்கிறோம். சிங்கப்பூரில் 2017 தேசிய நாள் அணிவகுப்புக்கான கையேட்டில்கூடத் தமிழ் வரி சிதைந்து அச்சாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது. விமான நிலையம், மருத்துவமனை, கோயில் பந்தல் என்று நம்மைத் துரத்தும் பிழை. இதில் எழுதியவர் தப்பு பெரும்பாலும் இருக்காது. சரியாகத் தட்டச்சு செய்த சொல்லே இப்படி உடையும், எப்படி என்பதுதான் வேடிக்கை.

‘செ’ என்பதைக் காகிதத்தில் எழுதும்போது கை முதலில் கொம்பைப் போடுகிறது, பிறகு ‘ச’ வருகிறது. ஒலிக்கும்போது முதலில் ‘ச்’, பிறகு ‘எ’. யூனிகோடு முறை ஒலியின் பக்கம் நிற்கிறது. கணினிக்குள் ‘ச’ முதலிலும் கொம்பு அடுத்துமாகத்தான் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பதும் புள்ளியை எழுத்தின் தலைக்கு ஏற்றுவதும் மென்பொருளின் வேலை. கைப்பேசிகள் இதைச் சரியாகச் செய்கின்றன. வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றிலோ அந்த வேலைக்கென்று ஒரு தேர்வு தனியாக இருக்கும்; `World-Ready` என்று தொடங்கும் பெயரில் அது இருப்பதைப் பார்க்கலாம். அதை முடுக்காவிட்டால் மென்பொருள் சேமித்த வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கிவிடும். கொம்பு ‘ச’வுக்குப் பின்னால் விழும், விழுந்த கொம்பு அடுத்து வரும் ‘ல’வோடு ஒட்டிக்கொள்ளும். தமிழ் அறியாத வடிவமைப்பாளர் கண்ணுக்கு எல்லா உறுப்பும் இருக்கிறது, எண்ணிக்கையும் சரி. இடம் மட்டும் மாறியிருக்கிறது, அது அவருக்குத் தெரிய வழியில்லை.

இதைவிட வேடிக்கை பழைய எழுத்துருக்களில். பாமினி எழுத்துரு இலங்கையிலிருந்து மலேசியா வரை அச்சகங்களில் புழங்கியது. அதில் விசைகளை நாம் தட்டும் வரிசை, கை எழுதும் வரிசை: கொம்புதான் முதலில். ‘செல்லம்மா’ வேண்டுமானால் `nry;yk;kh` என்று தட்ட வேண்டும். முதல் விசை கொம்பு, இரண்டாவது ‘ச’, ஒவ்வோர் அரைப்புள்ளியும் ஒரு மெய்ப்புள்ளி. அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் கொம்பு ஒருநாளும் இடம் மாறாது. எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பு போனால் `nry;yk;kh` என்ற ஆங்கில எழுத்துகளே அச்சாகும். ஆனால் அது யாருக்கும் தெரிந்துவிடும் பிழை. சட்டையில் அப்படி வந்தால் கடைக்காரரே நிறுத்திவிடுவார். சலெ மாதிரி நல்ல பிள்ளையாக வேஷம் போட்டு உள்ளே நுழைவதுதான் ஆபத்து.

இவற்றிலிருந்து தப்பிக்க எளிய வழி ஒன்று உண்டு. கணினியை விட்டுவிட்டு, எழுதத் தெரிந்தவர் கையால் எழுதி வாங்குவது. “அந்த அம்மாவிடமே கேளேன்” என்றேன். அடுத்த வாரம் கிள்ளான் போய், பள்ளிக்கூட நோட்டுத் தாளில் நீல மையால் எழுதி வாங்கி வந்தாள்.

அந்தக் கையெழுத்தை இப்போதும் சொல்லிச் சொல்லி மகிழலாம். கொம்பின் சுழி உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு தயங்காமல் ‘ச’வின் மேல்கோட்டுக்குப் போனது. இரண்டு ‘ல’வும் ஒன்றுபோல் இல்லை, முதல் ல நிதானம், அடுத்தது கொஞ்சம் அவசரம். இரட்டை ‘ம’வில் முதலாவது சிறியது, அடுத்ததற்கு வாகாக ஒதுங்கி நிற்பது போல. கடைசிக் கால் தரையைத் தொட்டதும் சற்றே வெளியே இழுபட்டிருந்தது. இரண்டு புள்ளிகளும் எழுத்துக்கு நேர் மேலே இல்லை, வலப்பக்கம் நகர்ந்து விழுந்திருந்தன. வேகமாக எழுதுகிறவர்கள் முழுச் சொல்லையும் எழுதிவிட்டுக் கடைசியில் கையைத் திருப்பிப் புள்ளி வைப்பார்கள். அதன் அடையாளம் அது. எந்த எழுத்துருவாலும் இதைச் செய்ய முடியாது.

கடை அந்தத் தாளைப் படமெடுத்து, நோட்டுக் கோடுகளையும் தாளின் அழுக்கையும் நீக்கி, சுத்தமான கறுப்பு வடிவமாகத் திரும்ப அனுப்பியது. அந்தச் சுத்தத்தில் ‘ம்’மின் புள்ளியும் போய்விட்டது. பேனா லேசாகத் தொட்ட புள்ளி. துடைக்கிறவர் கண்ணுக்கு அது தாளில் இருந்த தூசு. மிஞ்சியது ‘செல்லமமா’. படித்துப் பாருங்கள், நாக்கு தடுக்கும்.

இதில் கடையைக் குறை சொல்ல நான் தயாரில்லை. புள்ளி விஷயத்தில் நம் முன்னோரே பெரிய யோக்கியர்கள் இல்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் புள்ளி வைக்காமலேயே விட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாமலும் எழுதினார்கள். நெடிலுக்கு இன்று நாம் காணும் இரட்டைச்சுழிக் கொம்பை வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தார் என்பது மரபு. அதுவரை படிக்கிறவர்தான் இடம் பார்த்துக் குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்று முடிவு செய்ய வேண்டும். ஏடு படித்தவர்களுக்குச் சொல் முன்கூட்டியே தெரியும் என்பதால் அது ஓடியது. மணிக்கட்டைப் பார்க்கிறவருக்கு முன்னும் பின்னும் வேறு சொல் கிடையாது. இருக்கிற புள்ளிதான் ஆதாரம்.

சட்டையில் அச்சிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். கல்வி நிதிக்கு நடையோட்டம் வைக்கிற சங்கங்கள் நம் ஊரில் ஏராளம். எல்லாவற்றுக்கும் ஒரு டி-சட்டை உண்டு. ‘கல்வி’ என்பதில் அந்த ஒரு புள்ளி விழுந்தால் என்ன சொல் மிஞ்சும் என்று வாசகருக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. சிறுவர் முதல் தலைவர் வரை அதை மார்பில் போட்டுக்கொண்டு ஓடினால் நிதி சேருமோ என்னவோ, பேச்சு நிச்சயம் சேரும்.

சட்டையில் இன்னொரு வழியாகவும் கெடும். இப்போது பரவலாக இருக்கும் படல அச்சில், வடிவத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திருப்பிப் படலத்தில் அச்சடிப்பார்கள். துணியின் மேல் கவிழ்த்து, ஏறத்தாழ 150, 160 டிகிரிச் சூட்டில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி உரித்தால் நேராகத் தெரியும். திருப்ப மறந்தால் சட்டையில் எழுத்து கண்ணாடி பார்க்கும். சீனமோ தமிழோ தெரியாத தொழிலாளிக்கு இரண்டும் ஒன்றுதான். இங்கே ‘அப்பா’ என்ற சொல் தனி விளையாட்டுக் காட்டும். ‘ப’ இடம் வலம் மாறினாலும் ப-தான். நடுவில் நிற்கும் இரண்டு ப-வும் ஒன்றும் நடக்காதது போல நிற்க, ஓரத்தில் இருக்கும் அகரமும் காலும், அடுத்த ப-வுக்குத் தாவிய புள்ளியும் மட்டும் காட்டிக்கொடுக்கும். சட்டை போகட்டும், தூக்கி எறியலாம். பிரிட்டனில் 2003-இல் தொடங்கிய ‘சூப்பர்டிரை’ நிறுவனம் ‘கடும் உலர்வு, செய்க’ என்பது போன்ற ஒன்றை ஜப்பானிய எழுத்தில் போட்டு, அதையே முத்திரையாக்கிக்கொண்டது. ஜப்பானியர் படித்தால் சிரிப்பார்கள், உடுத்தவருக்கு ஒரு சேதமும் இல்லை.

பச்சையில் அப்படி விட முடியாது. சுத்தம் செய்த வடிவத்தில் ‘ம்’மின் புள்ளியைத் திரும்பப் போடச் சொன்னேன். கூடவே ஒன்று கேட்டேன்: எழுத்து எவ்வளவு உயரம்? அவள் சொன்ன அளவு அவள் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. மை தோலுக்குள் போனபின் போட்ட இடத்திலேயே நிற்பதில்லை. ஆண்டுகள் போகப் போகக் கோடு தடிக்கும். தமிழில் இது பெரிய சங்கடம், ஏனென்றால் நம் எழுத்தில் சுழிகள் அதிகம். கொம்பின் சுழி, ‘ல’வின் உள்வளைவு, எல்லாவற்றுக்கும் நடுவில் கொஞ்சம் வெறுந்தோல் தெரிந்தால்தான் எழுத்து. சுழி அடைத்துக்கொண்டால் கறுப்புக் கட்டி. புள்ளியைச் சிறு வட்டமாக வரைவது அச்சில் அழகு. தோலில் அந்த வட்டம் சில ஆண்டில் தூர்ந்து பொட்டாகிவிடும். அதனால் ஆரம்பத்திலேயே நிறைந்த பொட்டாக, எழுத்திலிருந்து நன்றாக விலக்கி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் புள்ளி கீழே இறங்கி எழுத்தோடு சேர்ந்துவிடும். இந்தப் பெயரில் ‘ண்’ணும் ‘ன்’னும் இல்லாதது அவள் அதிர்ஷ்டம், ‘கண்ணம்மா’ என்று கூப்பிட்டிருந்தால் முன்கை முழுக்க வேண்டியிருக்கும்.

முன்பு சொன்ன சலுகை இதுதான். தமிழில் விட்டுப்போன புள்ளியைப் பிறகு வைக்கலாம். அதற்குப் பக்கத்தில் இடம் வேண்டாம், தலைக்கு மேலே எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. குறில் கொம்பு நெடிலாக வேண்டுமானாலும் மேலே ஒரு சுழியைக் கூட்டிக்கொள்ளலாம். அரியானாவுக்குக் கிடைக்காத வசதி. ஆனால் இது ஒருவழிப் பாதை. கூடுதலாகப் போட்ட புள்ளியை எடுக்க முடியாது. நெடிலைக் குறிலாக்க முடியாது. இடம் மாறிய கொம்பை ஒன்றும் செய்ய முடியாது. ‘ர’ வர வேண்டிய இடத்தில் ‘ற’ வந்தால் அதோடு சரி. மிச்சம் இருப்பது லேசர். மையைத் துகள் துகளாக உடைத்து உடம்பே கரைத்துக்கொள்ள விடுகிற முறை. ஒரே அமர்வில் முடியாது, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும். ஆகவே சந்தேகம் வந்தால் குறைவாகப் போட்டுக்கொள்வது தமிழில் பாதுகாப்பு. ஜப்பானியத்திலோ குறைத்ததால்தான் அடுப்பு வந்தது.

வடிவம் சரியான பிறகும் நான் அவளை விடவில்லை. வடிவம் தோலுக்குப் போகும் வழியில் இன்னொரு கை இருக்கிறது. கடையில் அதை ஊதா மைத்தாளில் படியெடுப்பார்கள். தோலைச் சவரம் செய்து, துடைத்து, ஒரு பசையைத் தடவி, அந்தத் தாளை ஒட்டி எடுத்தால் தோலில் ஊதாக் கோடுகள் விழும். அது காயச் சில நிமிடங்கள் விடுவார்கள். ஊசி அந்த ஊதாவின் மேல்தான் போகும். ஊதாவில் இல்லாதது கறுப்பிலும் இருக்காது. ஊதாவை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போய்விடும், வேண்டிய தடவை திரும்ப ஒட்டலாம். “ஊதா விழுந்ததும் படம் எடுத்து அனுப்பு. முன்பக்கக் கேமராவில் எடுக்காதே” என்றேன். தன்படம் எடுக்கும் கேமரா பல கைப்பேசிகளில் படத்தை இடம் வலமாகத் திருப்பிக் காட்டும். சரியான எழுத்தைத் தப்பென்றும் தப்பைச் சரியென்றும் நினைக்க வைக்கும்.

அந்தப் படத்தை நான் மட்டும் படிப்பதில் பயன் இல்லை என்பதும் அவளுக்குப் புரியவில்லை. எனக்குச் சொல் தெரியும். தெரிந்த கண் இல்லாத புள்ளியையும் இருப்பதாகவே பார்க்கும். ஏடு படித்தவர்களின் கண் அது. ‘இது செல்லம்மாதானே, சரியா?’ என்று கேட்டால் கேட்கப்படுகிற எவரும் தலையாட்டுவார். சொல்லைச் சொல்லாமல், படத்தை மட்டும் காட்டி, ‘இதில் என்ன எழுதியிருக்கிறது?’ என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்கச் சொன்னேன். அரியானாவின் கையை எந்த ஜப்பானியக் கடைக்காரரிடமும் அப்படிக் காட்டியிருந்தால், ‘ஷிச்சிரின்’ என்று அடுத்த விநாடி பதில் வந்திருக்கும். அவரிடம் ‘ஏழு மோதிரம்தானே?’ என்று கேட்டிருந்தால், ஏழு இருக்கிறது, வளையம் இருக்கிறது, ஆமாம் போலிருக்கிறதே என்று மரியாதைக்குச் சொல்லியிருக்கக்கூடும்.

அவள் ஊதாக் கோட்டோடு கடையை விட்டு வெளியே வந்து, அதே வரிசையில் இருந்த ஒரு பூக்கடைப் பாட்டியிடம் கையை நீட்டியிருக்கிறாள். பாட்டி கண்ணாடியை மேலே தள்ளி, கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, “செல்லம்மா” என்றாராம். உடனே, “யாரு ஆயி அது?” என்று கேட்டாராம். படித்ததோடு நிற்காமல் ஆளை விசாரித்தாரே, அதுதான் பெயர் பெயராகவே நிற்கிறது என்பதற்கு முழு நற்சான்று. புள்ளி இரண்டும் இருந்தன. இன்று அவள் கையில் அவை மச்சம் மாதிரி இருக்கின்றன, அவ்வளவுதான் குறை.

மலேசியாவில் நம் பக்கத்து வீட்டில் யாராவது ஒருவர் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு வருவது இனிமேலும் நடக்கும். அப்படி வந்தால் அவர்கள் சொல்வதற்கு முன்னால் படத்தை வாங்கிப் பாருங்கள், எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு எங்கே தடுக்கிறது என்று சொல்லுங்கள். அழகாக இருக்கிறது என்று பாராட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதேபோல் நாம் சீனத்திலோ ஜப்பானியத்திலோ எதையாவது சட்டையில் போட ஆசைப்பட்டால், பக்கத்துக் கடை ஆச்சோவிடம் பொருளைச் சொல்லாமல் காட்டுங்கள். அவர் சிரித்தால் அச்சகத்துக்கு அன்றைக்குப் போக வேண்டாம்.